சாவிக்கொத்துச் சத்தத்தில் ஒரு நாடகம்: தமிழ் வசனம், ஆங்கிலச் சுருக்கம் கொண்ட வானொலி நாடகத்தை எழுதுவது எப்படி

தமிழில் ஒரு வானொலி நாடகம் எழுதுங்கள், கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சுருக்கமும் வேண்டும் என்று கேட்டால், புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வசனத்தை எழுதி முடிப்பார்கள், அப்புறம் இடையிடையே மழை, கதவு, மோட்டார் சைக்கிள் என்று சத்தங்களைச் செருகுவார்கள், கடைசி நேரத்தில் மொத்தக் கதையையும் நாலு வரி ஆங்கிலத்தில் அடக்கிவிடுவார்கள். நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் சத்தம். அடுத்து வசனம். சுருக்கம் கடைசி, ஆனால் அது எதைச் சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஏன் சத்தம் முதலில்? நம் மலேசியாவில் ஒரு தமிழ்க் குடும்பம் காரில் போகும்போது வானொலி ஓடினால் யார் யார் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டிக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். மலாய்ப் பள்ளியில் படிக்கும் பேரனுக்குப் பாதி புரியும். தமிழ் தெரியாத மருமகளுக்குக் குரலின் ஏற்ற இறக்கம்தான் கிடைக்கும். ஆனால் மேஜையில் சாவி விழுகிற சத்தம் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் கேட்கும். கதையின் முக்கியமான திருப்பத்தை அந்த மாதிரி ஒரு சத்தத்தில் வைத்துவிட்டால் ஆங்கிலச் சுருக்கம் கதையையே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை, கேட்பவரின் காதைச் சரியான பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

பினாங்கில் நடக்கும் 12 நிமிட நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டு முழுவதும் செய்து பார்ப்போம்.

கதை இதுதான். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஓர் அம்மா பூக்கடை வைத்திருக்கிறார். மகன் குமரன் வேலை கிடைத்து கோலாலம்பூருக்குப் போகிறான். அவன்தான் தினமும் கடையைத் திறப்பவன், போகிற அன்று கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அம்மா அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு அவன் பின்னாலேயே போகிறார். வாங்கிக்கொள்கிறானா இல்லையா என்பதுதான் நாடகம்.

இப்போது ஒரு வசனமும் எழுதாமல் சத்தங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். காட்சி ஒன்று, கடை: ஷட்டர் ஏறுகிறது, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள், சாவிக்கொத்து மேஜையில் விழுகிறது. காட்சி இரண்டு, ஃபெர்ரி: எஞ்சின் உறுமல், காற்று, கைப்பைக்குள் சாவி குலுங்குகிறது. காட்சி மூன்று, ஸ்டேஷன்: எதிரொலிக்கும் கூடம், மலாயில் அறிவிப்பு, உள்ளங்கையில் சாவி அமுங்குகிறது, பிறகு ரயில் பெட்டிக்குள் சாவிச் சத்தம். இந்தத் தாளை மட்டும் படித்தாலே கதை நகர வேண்டும். நகரவில்லை என்றால் வசனம் எழுத உட்காராதீர்கள், கதையில் கையால் தொடக்கூடிய, சத்தம் போடக்கூடிய ஒரு பொருள் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கடிதம், போட்டோ, மோதிரம் இதெல்லாம் சினிமாவுக்கு நல்லது, வானொலியில் ஊமை. பூக்கடை என்றதும் பூ கட்டுவதை எழுதத் தோன்றும், ஆனால் பூ கட்டுவதற்குச் சத்தமே கிடையாது. தண்ணீர் தெளிப்பதற்கு உண்டு, வாளியை இழுப்பதற்கு உண்டு. அதனால் அம்மா இந்த நாடகத்தில் பூ கட்ட மாட்டார், தண்ணீர் தெளிப்பார்.

சாவிதான் நாடகத்தின் உயிர் என்று முடிவு செய்துவிட்டால் அதோடு குழம்பக்கூடிய எல்லாச் சத்தத்தையும் துரத்த வேண்டும். அம்மா கையில் கண்ணாடி வளையல் வேண்டாம். சில்லறை எண்ணுவது வேண்டாம். கொலுசு போட்ட குழந்தை கடைக்கு வர வேண்டாம். இவை ஒவ்வொன்றும் தனியாக அழகான சத்தம்தான், ஆனால் கண் இல்லாத இடத்தில் கிணுகிணு என்று கேட்பதெல்லாம் ஒன்றுதான், ஒரு வளையல் சத்தம் வந்தாலே கேட்பவர் சாவியை எடுத்துவிட்டார்களா என்று நினைத்துவிடுவார். மூன்று காட்சிக்கும் அதே சாவிக்கொத்தையே வைத்துப் பதிவு செய்யுங்கள், பெரிய பித்தளைச் சாவி ஒன்றும் சின்னச் சாவிகள் இரண்டும் இருந்தால் அதற்கென்று ஒரு குரல் வந்துவிடும். மர மேஜையில் ஒரு தடவை, துணிப்பைக்குள் ஒரு தடவை, மூடிய உள்ளங்கையில் ஒரு தடவை. அதே சாவி, ஆனால் மூன்று இடத்திலும் வேறு மாதிரி ஒலிக்கும், அந்த வித்தியாசமே கதை சொல்லும்.

ஒலிகளைச் சேகரிக்கும்போது ஊர் விஷயத்தில் கவனம் வேண்டும், பினாங்குக்காரர்கள் தவறை உடனே பிடித்துவிடுவார்கள். பழைய இரண்டு அடுக்கு ஃபெர்ரிகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஓய்ந்துவிட்டன, 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெர்ரிகளில் கார் ஏறுவதில்லை, நடந்து வருபவர்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள் வைத்திருப்பவர்களும்தான் ஏறுகிறார்கள். கதை இன்று நடக்கிறது என்றால் கார்கள் இரும்புப் பலகையில் தடதடவென்று இறங்கும் சத்தம் வரக் கூடாது. கரை நெருங்கும்போது மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஸ்டார்ட் ஆகும் சத்தம் வரலாம், அது உண்மையும்கூட, இறங்கும் நேரம் வந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலே சொல்லிவிடும். அதே மாதிரி பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் போவது மின்சார ரயில். இணையத்தில் ரயில் சத்தம் என்று தேடினால் முதலில் கிடைப்பது புகைவண்டிக் கூவல்தான், அதை எடுத்துப் போடாதீர்கள்.

லிட்டில் இந்தியாவின் தெரு ஒலியை நீங்களே பதிவு செய்வதாக இருந்தால் விடியற்காலையில் போங்கள். கடைகள் திறந்த பிறகு ஒவ்வொரு வாசலிலும் சினிமாப் பாட்டு ஓடும். அந்தப் பதிவை நாடகத்துக்கு அடியில் போட்டு, வசனத்துக்கு ஏற்ப நடுவில் வெட்டினால் பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவுவது அப்படியே காதில் விழும், அது போக அந்தப் பாட்டின் உரிமைப் பிரச்சினை வேறு. காலையில் லெபோ குவீன் மாரியம்மன் கோயில் மணி, தூரத்து மோட்டார் சைக்கிள், யாரோ தெருக் கூட்டுவது, இவ்வளவு போதும். இரண்டு மூன்று நிமிடம் கையை அசைக்காமல் தொடர்ச்சியாக எடுங்கள். மணி அடித்த பகுதியைத் தனியாகவும், மணி இல்லாத வெறும் தெருவைத் தனியாகவும் வைத்துக்கொண்டால் மணியை எங்கே வேண்டுமோ அங்கே போடலாம்.

அடுத்து நேரம். ஆங்கில ஸ்கிரிப்டுக்கு ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அதைத் தமிழுக்கு அப்படியே நம்ப வேண்டாம். நம் சொற்கள் நீளம், எழுத்துருவைப் பொறுத்துப் பக்கமும் மாறும், அதற்கு மேல் ஒரு சத்தக் குறிப்பு தாளில் ஒரு வரியாக இருந்து காதில் ஆறு விநாடி எடுக்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சத்தங்களுக்கும் வாயாலேயே இடம் விட்டு, உரக்கப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. நம் 12 நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: தலைப்பு இசை 20 விநாடி, ஆங்கிலச் சுருக்கம் 30 விநாடி, கடை 4 நிமிடம், ஃபெர்ரி இரண்டரை நிமிடம், ஸ்டேஷன் 4 நிமிடம், முடிவு இசையும் பெயர்களும் 40 விநாடி. வானொலி நிலையத்துக்கு எழுதுவதாக இருந்தால் கொடுத்த நேரத்தில் விளம்பரமும் அறிவிப்பும் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பக்கத்தை எழுதலாம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் எண் கொடுங்கள், பக்கம் மாறினால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கட்டும். பதிவின்போது "மூணாம் பக்கம், ஏழுலேர்ந்து போவோம்" என்று ஒரு குரல் சொன்னால் நடிகர், ஒலிப்பதிவாளர், சத்தம் கொடுப்பவர் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் சத்தக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் போட்டு வசனத்திலிருந்து பிரிப்பார்கள், தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் அடிக்கோடு போடுங்கள். நடிகர்கள் சத்தக் குறிப்பையும் வசனமாக நினைத்துப் படித்துவிடுவது முதல் ஒத்திகையில் சாதாரணமாக நடக்கும். அடிக்கோடு அதைத் தடுக்கும்.

முதல் காட்சியின் தொடக்கம் இப்படி வரும்:

காட்சி 1. பூக்கடை. விடியற்காலை.

1. ஒலி: இரும்பு ஷட்டர் மேலே ஏறி நிற்கிறது. தெரு ஒலி உள்ளே வருகிறது, தூரத்தில் கோயில் மணி. ஐந்து விநாடி. பிறகு அடியில் இறங்கித் தொடர்கிறது.

2. அம்மா: (மைக்கிலிருந்து தள்ளி) குமரா, அந்த வாளிய இப்படித் தள்ளுய்யா. மல்லி வாடுது.

3. ஒலி: வாளி சிமெண்ட் தரையில் இழுபடுகிறது. பூ மேல் தண்ணீர் தெளிக்கிறார், மூன்று தடவை.

4. குமரன்: (அருகில்) ம்மா. எட்டு மணிக்கு ஃபெர்ரி ஏறணும்.

5. அம்மா: (தெளித்தபடி) தெரியும். நேத்தே சொல்லிட்ட.

6. குமரன்: ட்ரெய்ன் டிக்கெட்டும் எடுத்தாச்சும்மா. கே.எல். போய்ச் சேந்ததும் ஃபோன் பண்றேன்.

7. ஒலி: தண்ணீர் தெளிப்பது நிற்கிறது. தெரு ஒலி மட்டும், இரண்டு விநாடி.

8. அம்மா: நாளைக்குக் கடைய யாரு தெறக்கிறது?

9. ஒலி: சாவிக்கொத்து மர மேஜையில் வைக்கப்படுகிறது. ஒரே தடவை. மைக்கிற்கு மிக அருகில்.

10. குமரன்: நீங்கதாம்மா.

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். வரி 7இல் புதிதாக எந்தச் சத்தமும் வரவில்லை, ஓடிக்கொண்டிருந்த ஒன்று நிற்கிறது. அம்மாவுக்கு வலித்தது என்பதைக் குமரன் வாயால் சொல்ல வைத்தால் அது நாடகமாக இருக்காது, கை நின்றதைக் காது பிடித்துக்கொள்ளும், அதுவும் தமிழ் தெரியாத காது இன்னும் கூர்மையாகப் பிடிக்கும், ஏனென்றால் அதற்கு வேறு பிடிமானம் இல்லை. வரி 9 அந்த அமைதிக்குப் பக்கத்திலேயே வருவதால்தான் எடுபடுகிறது, மணியும் மோட்டாரும் வாளியும் ஓடும்போது சாவியை வைத்தால் அது இன்னொரு கடைச் சத்தமாகக் கரைந்துவிடும். "ஒரே தடவை" என்று எழுதியதும் வேண்டுமென்றே செய்தது, எழுதாவிட்டால் சத்தம் கொடுப்பவர் ஆர்வத்தில் இரண்டு தடவை குலுக்கிவிடுவார்.

வரி 4, 6 பாருங்கள். ஃபெர்ரி, ட்ரெய்ன், டிக்கெட், கே.எல். நாம் தினமும் இப்படித்தான் பேசுகிறோம், இதைச் சுத்தத் தமிழாக்கினால் பாத்திரம் பொய்யாகிவிடும். இன்னொரு பலனும் உண்டு: தமிழ் தெரியாதவருக்கு இந்தச் சொற்கள் ஆற்றில் இருக்கும் பாறைகள் மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் வைத்து வந்துவிடுவார். அதனால் ஒவ்வொரு காட்சியின் முதல் அரை நிமிடத்துக்குள் இப்படி இரண்டு மூன்று சொற்கள் இயல்பாக விழும்படி எழுதுங்கள். பணம் பற்றிய பேச்சு வந்தால் நம் வழக்கப்படி வெள்ளி என்றே போடுங்கள், தமிழ்நாட்டுப் பேச்சை இரவல் வாங்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பாத்திரம் தமிழில் சொன்னதையே அடுத்து ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லக் கூடாது. தமிழ் தெரிந்தவருக்கு அது அலுப்பு, தெரியாதவருக்கோ இனிமேல் கவனிக்க வேண்டாம், எப்படியும் மொழிபெயர்ப்பு வரும் என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும்.

ஃபெர்ரிக் காட்சியில் அம்மா தனியாக இருக்கிறார். தனியாக இருப்பவரை வானொலியில் வாய்விட்டுப் புலம்ப வைப்பது சுலபம், ஆனால் பத்து விநாடிக்கு மேல் அது செயற்கையாகிவிடும். பக்கத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்தேன். அம்மா கைப்பையில் ஃபோனைத் தேடுகிறார், சாவி குலுங்குகிறது, பெரியவர் "சாவி நெறைய வச்சிருக்கீங்களே, கடைங்களாம்மா?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வி ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. சத்தம் சாவிதான் என்று உறுதிப்படுத்துகிறது, அம்மா சாவியை எடுத்து வந்திருப்பதைச் சொல்கிறது, அம்மா பேசுவதற்கு வழி திறக்கிறது. தெளிவில்லாத எந்தச் சத்தத்துக்கும் இந்த உத்தி உதவும். தகரக் கூரையில் மழையும் எண்ணெயில் பொரிவதும் ஒலிவாங்கியில் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும், ஒரு பாத்திரம் "துணி நனையுதுக்கா" என்று குரல் கொடுத்தால் மழை மழையாகிவிடும். "ஐயோ, மழை பெய்கிறதே" என்று எழுத வேண்டிய அவசியமில்லை.

ஃபெர்ரி எஞ்சினும் காற்றும் இந்த நாடகத்தில் ஆபத்தான பின்னணி. தொடர்ச்சியான இரைச்சல் ச, ஸ, ஃப மாதிரி மெல்லிய ஒலிகளை முதலில் விழுங்கும், ஸ்டூடியோவில் நல்ல ஹெட்ஃபோனில் எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கும், காரில் ஏர்கோண்ட் ஓடும்போது வசனம் பாதி காணாமல் போயிருக்கும். அதனால் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்: நாலு விநாடி முழு ஒலி, பெரியவர் பேசத் தொடங்கும்போது நன்றாக அடங்கி நிற்கிறது, மோட்டார் சைக்கிள்கள் ஸ்டார்ட் ஆகும்போதுதான் மறுபடி எழுகிறது. கேட்பவர் மனதில் ஃபெர்ரி ஒருமுறை பதிந்துவிட்டால் அதன் பிறகு சன்னமாக இருந்தாலே போதும்.

கடைசிக் காட்சியில் பயணிகள் உள்ளே போகும் வாசலுக்கு வெளியே, எதிரொலிக்கும் கூடத்தில் இருவரும் நிற்கிறார்கள். அம்மா அவன் கையில் சாவியை வைத்து அழுத்துகிறார், "எங்கிட்ட இன்னொரு செட்டு இருக்குய்யா. வர்றப்ப நீயே தெறந்துக்க" என்கிறார். குமரன் பதில் சொல்வதில்லை. அறிவிப்பு வருகிறது, காலடிகள் விலகுகின்றன. அவன் வாங்கிக்கொண்டானா? இங்கே வசனத்தைத் தொடாதீர்கள். கூடத்தின் எதிரொலி சட்டென்று மறைகிறது, ரயில் பெட்டிக்குள் இருக்கும் அடைத்த அமைதி, ஏர்கோண்டின் மெல்லிய ஓசை, மூன்று விநாடி, அப்புறம் மைக்கிற்கு மிக அருகில் சாவிக்கொத்து ஒரு தடவை. பெட்டிக்குள் சாவி கேட்டால் சாவி அவனிடம் இருக்கிறது. இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கூடத்துக்கும் பெட்டிக்கும் ஒலியில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் அதே மைக் தூரத்தில் பதிவு செய்தால் சாவி அம்மாவிடமே இருக்கிறது என்று பாதிப் பேர் நினைப்பார்கள், நாடகம் தலைகீழாகிவிடும். கூடத்தை ஓடு பதித்த பெரிய இடத்தில் பதிவு செய்யுங்கள், பெட்டிக்குள் வரும் சாவியை நிறுத்தி வைத்த காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவு செய்தாலே போதும்.

இப்போதுதான் ஆங்கிலச் சுருக்கம். வானொலியில் நிதானமாக ஆங்கிலம் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் போகும், அப்படியானால் 30 விநாடிக்கு 75. நான் 70க்குள் நிறுத்துவேன், மூச்சு விட இடம் வேண்டும். சுருக்கத்தை நாடகத்துக்குப் பின்னால் வைப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, 11 நிமிடம் எதுவும் பிடிபடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கடைசி அரை நிமிடத்துக்காகக் காத்திருக்க மாட்டார். முன்னால் வையுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள்.

ஐந்து வாக்கியம், எல்லாம் நிகழ்காலத்தில். முதல் வாக்கியம் ஆளும் இடமும்: பினாங்கில் பூக்கடை வைத்திருக்கும் தாயும் அவர் மகன் குமரனும். இரண்டாவது, சிக்கல்: அவன் கோலாலம்பூருக்குப் புறப்படுகிறான், கடைச் சாவியை விட்டுவிட்டுப் போகிறான். மூன்றாவது, பாதை: கடை, ஃபெர்ரி, ரயில் நிலையம் என்று மூன்று இடம், இதே வரிசையில். நான்காவது, குரல்: ஃபெர்ரியில் கேட்கும் மூன்றாவது குரல் முன்பின் தெரியாத ஒரு பெரியவருடையது. இதைச் சொல்லாவிட்டால் தமிழ் தெரியாதவர் அவரை அப்பா என்று எடுத்துக்கொள்வார், அதற்குப் பிறகு கதை முழுக்க வேறு பாதையில் போய்விடும். ஐந்தாவது, காதுக்கு ஒரு வேலை: சாவி எங்கே ஒலிக்கிறது என்று கவனியுங்கள். அவ்வளவுதான். தாய்க்கு நீங்கள் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கலாம், ஆனால் நாடகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அப்படி இருக்கும்போது சுருக்கத்திலும் அந்தப் பெயர் வேண்டாம், கேட்பவர் வராத ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். குமரன் என்ற பெயரை ஆங்கிலத்தில் படிப்பவரும் அம்மா கூப்பிடுகிற அதே உச்சரிப்பில் சொல்ல வேண்டும். நாடகத்தில் நடிப்பவர் யாரும் சுருக்கத்தைப் படிக்கக் கூடாது, வேறு ஒரு குரலுக்குக் கொடுங்கள். படித்து முடித்து இரண்டு விநாடி வெறுமை, பிறகு ஷட்டர்.

முழு ஸ்கிரிப்டும் தயாரானதும் கைப்பேசியிலேயே ஒரு மாதிரிப் பதிவு செய்யுங்கள், நண்பர்கள் நாலு பேர் படித்தாலே போதும், சாவி மட்டும் உண்மையான சாவியாக இருக்கட்டும். அதைத் தமிழ் தெரியாத ஒருவருக்கு, சுருக்கம் உட்பட, ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். யார் யாரை விட்டுப் போகிறார்கள், ஃபெர்ரியில் இருந்தவர் யார், கடைசியில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் தடுமாறினால் சுருக்கத்தின் முதல் இரண்டு வாக்கியத்தைத் திருத்துங்கள். இரண்டாவதுக்குத் தடுமாறினால் நான்காவது வாக்கியம் தெளிவாக இல்லை, அல்லது பெரியவரின் குரல் குமரன் குரலுக்கு மிக நெருக்கமாக இருக்கிறது, ஆளை மாற்றுங்கள். மூன்றாவதுக்குத் தடுமாறினால் சுருக்கத்தில் கை வைக்காதீர்கள், ரயில் பெட்டியின் ஒலியை மறுபடி பதிவு செய்யுங்கள்.